தேர்வு மிகுதியா, மறுப்பு மிகுதியா?

டேட்டிங் செயலிகளைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரு புகார் தவறாமல் வரும்: ஆட்கள் அளவுக்கு மீறிக் கிடைக்கிறார்கள், அதனால்தான் எவர்மீதும் மனம் நிலைப்பதில்லை. இந்தப் புகாரை உளவியலாளர்கள் ‘தேர்வு மிகுதி’ என்ற தலைப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்து வருகிறார்கள். சோதித்துப் பார்க்கத் தகுந்த அளவுக்கு விஷயமும் பெரியதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அமெரிக்காவில் 2017இல் அறிமுகமான ஆண்-பெண் இணைகளில் 39 விழுக்காட்டினர் இணையம் வழியாகவே சந்தித்தார்கள். நண்பர்கள் மூலம் அறிமுகமாவது அங்கே பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்த வழி; அதை இணையம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. பியூ ஆய்வு மையம் 2022இல் எடுத்த கணக்கெடுப்பில், முப்பது வயதுக்குட்பட்ட அமெரிக்கர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு டேட்டிங் தளத்தையோ செயலியையோ பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆய்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை என்பதால் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அந்த ஆய்வுகளை ஒருசேர வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெரிவது இது: பிரச்சினை ஆட்களின் எண்ணிக்கையில் இல்லை, ஒவ்வொருவரையும் மறுப்பதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ இல்லாமலே போனதில் இருக்கிறது. மலிவான மறுப்பு முதலில் பார்ப்பவரின் கண்ணை மாற்றுகிறது. அந்தக் கண்ணுக்கு ஏற்றபடி மற்றவர்கள் தங்களைக் காட்டிக்கொள்ளும் விதம் மாறுகிறது. அப்படிக் காட்டப்பட்டதிலிருந்து எதிர்பார்ப்பு பிறக்கிறது.

தேர்வு மிகுதி என்ற கருத்தின் மூலம் ஒரு ஜாம் பாட்டில் சோதனை. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட அந்த ஆய்வில், கலிஃபோர்னியாவின் ஒரு மளிகைக் கடையில் ருசி பார்க்கும் மேசை போட்டார்கள். சில நேரம் அதில் 24 வகை ஜாம் இருந்தது, சில நேரம் 6 வகை. 24 வகை இருந்தபோது நின்று பார்த்தவர்கள் அதிகம். ஆனால் அவர்களில் வாங்கியவர்கள் 3 விழுக்காடு மட்டுமே. 6 வகை இருந்தபோது நின்றவர்களில் 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். இந்த ஒரு முடிவு பத்திரிகைகளிலும் மேடைகளிலும் உலாவி, தேர்வு கூடினால் மனிதன் செயலிழப்பான் என்ற பொதுவிதியாகவே மாறிப்போனது. 2010இல் ஷைபெஹெனெ, கிரைஃபெனெடர், டாட் மூவரும் இதுபோன்ற ஐம்பது சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. சில சோதனைகளில் கூடுதல் தேர்வு கெடுதல் செய்தது, வேறு சிலவற்றில் நன்மை செய்தது. 2015இல் செர்நெவ் குழுவினர் செய்த இன்னொரு தொகுப்பாய்வு, விளைவு எப்போது தோன்றுகிறது என்பதைப் பிரித்துக் காட்டியது. ஒப்பிட வேண்டியவை சிக்கலாக இருக்கும்போது, முடிவெடுக்கும் வேலையே கடினமாக இருக்கும்போது, தனக்கு என்ன வேண்டும் என்பது ஆளுக்கே தெளிவில்லாதபோது, எதற்காகத் தேர்வு செய்கிறோம் என்ற நோக்கமும் அதற்கேற்றதாக இருக்கும்போது எண்ணிக்கை பாரமாகிறது. துணை தேடுவதில் இவை பெரும்பாலும் கூடியே வருகின்றன. ஆகவே ஜாம் சோதனையை நம்பாதவர்கள்கூட டேட்டிங் செயலிகளை அந்தக் காரணத்துக்காகவே தள்ளிவிட முடியாது. அதேசமயம், ‘நிறைய இருக்கிறது, ஆகவே குழப்பம்’ என்ற எளிய வாய்பாடும் போதாது.

போதாது என்பதற்கு நல்ல ஆதாரம் நெதர்லாந்திலிருந்து வருகிறது. டிலா ப்ரான்க், யாப் டெனிசென் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, துணை தேடும் தனியர்களுக்கு டிண்டர் பாணியில் புகைப்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஏற்பா மறுப்பா என்று கேட்டது. எல்லாப் படங்களையும் ஒரே நேரத்தில் பரப்பி வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு படம் பார்க்கும்போது அடுத்த படம் என்னவென்று தெரியாது. ஒருவரை ஏற்றால் இன்னொருவரை இழக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எத்தனை பேரை வேண்டுமானாலும் ஏற்கலாம். ஆக, ஜாம் மேசையில் இருந்த ஒப்பீட்டுக் குழப்பத்துக்கு இங்கே இடமே கிடையாது. அப்படியிருந்தும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை போகும்போது ஏற்கும் வாய்ப்பு சராசரியாக 27 விழுக்காடு சரிந்தது. ஆய்வாளர்கள் இதற்கு ‘மறுப்பு மனநிலை’ என்று பெயர் வைத்தார்கள். காரணத்தைத் தேடியபோது இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. பார்த்துக்கொண்டே போகப் போக, காட்டப்படும் படங்கள் மீதான திருப்தி குறைந்தது. இந்தத் தேடலில் தனக்கு வெற்றி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் குறைந்தது. களைப்பினால் கவனமின்றி விரலை இழுத்தார்கள் என்றால் இந்த இரண்டாவது சரிவு வந்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மறுப்பும் ‘இங்கே எனக்கேற்ற ஆள் இல்லை’ என்ற முடிவுக்கு ஒரு சாட்சியாகச் சேர்ந்துகொண்டே போகிறது; சாட்சி பெருகும்போது அடுத்த ஆளைப் பார்க்கும் கண் ஏற்கெனவே பாதி மூடியிருக்கிறது. ஏமாற்றத்தை உண்டாக்கியது பார்க்கப்பட்ட முகங்களின் தரம் அல்ல, ஏனெனில் தரம் மாறவில்லை. நாற்பதாவது இடத்தில் வந்த முகம் நான்காவது இடத்தில் வந்திருந்தால் ஏற்கப்பட்டிருக்கக் கூடும்.

கண் பாதி மூடும்போது எதைப் பார்க்கிறது என்பது அடுத்த கேள்வி. அலிசன் லென்டனும் மார்கோ ஃபிரான்செஸ்கோனியும் வேக சந்திப்பு நிகழ்ச்சிகளை ஆராய்ந்தார்கள். ஒரே மாலையில் பலரைச் சில நிமிடங்கள் வீதம் சந்தித்து, யாரை மீண்டும் பார்க்க விருப்பம் என்று குறித்துக் கொடுப்பது அந்த நிகழ்ச்சிகளின் முறை. வந்தவர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்த மாலைகளில் கல்வி, தொழில் போன்ற, பேசித் தெரிந்துகொள்ள வேண்டிய பண்புகளுக்கும் மதிப்பு இருந்தது. எண்ணிக்கை கூடிய மாலைகளில் உயரம், எடை, வயது போன்ற, பார்த்தவுடன் தெரியும் பண்புகள் முன்னுக்கு வந்தன. நேரில் உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சியிலேயே இது நடக்கிறது என்றால், முகத்தைத் தவிர ஏதும் தெரியாத திரையில் இது எவ்வளவு கூடும் என்று சொல்லத் தேவையில்லை. மனிதர்கள் மேலோட்டமானவர்களாக மாறிவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். நேரம் குறைவாகவும் ஆட்கள் அதிகமாகவும் இருக்கும்போது எது சீக்கிரம் தெரிகிறதோ அதை வைத்துக் கழிப்பது எந்தப் பணியிலும் மனித மூளை செய்யும் சிக்கனம்தான்.

இதுவரை சொன்னது ‘பார்ப்பவர்’ என்ற ஒற்றை ஆளைக் கற்பனை செய்துகொண்டது. உண்மையில் செயலியில் ஆணும் பெண்ணும் காண்பது ஒரே சந்தை அல்ல. கேரத் டைசன் முதலிய ஆய்வாளர்கள் 2016இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் டிண்டரில் பதினான்கு சோதனைப் புரொஃபைல்களை உருவாக்கி, கண்ணில் பட்ட எல்லோருக்கும் லைக் போட வைத்தார்கள். சராசரியாக ஆண் புரொஃபைல்களுக்கு 0.6 விழுக்காடு அளவிலேயே மேட்ச் கிடைத்தது, பெண் புரொஃபைல்களுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு. இந்த விகிதத்தை ஒரு மாலைப் பொழுதுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஒருவன் ஆயிரம் பெண்களுக்கு லைக் போடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஆறு மேட்ச் வரும். அதே ஆய்வில், மேட்ச் ஆன பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவர் மட்டுமே முதலில் செய்தி அனுப்பினார்கள். ஆயிரத்திலிருந்து, தானாகப் பேச வருபவர் ஒருவர். ஒரு பெண் ஐம்பது பேருக்கு லைக் போட்டாலே ஐந்து மேட்ச் கையில் இருக்கும். சோதனைப் புரொஃபைல்கள் எளிமையானவை, உண்மையான ஆட்களுக்கு எண்கள் மாறும். ஆனால் இடைவெளியின் திசை மாறாது.

அந்த இடைவெளி தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் தன்மை கொண்டது. மேட்ச் அரிதாகக் கிடைப்பதைப் பார்த்த ஆண், பொறுக்குவதை விட்டுவிட்டு வருவதையெல்லாம் வலப்பக்கம் தள்ளத் தொடங்குகிறான். லைக் போடுவதற்கு விலை இல்லை, மேட்ச் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. தன் லைக்குகளுக்கு மேட்ச் எளிதாகக் கிடைப்பதைப் பார்த்த பெண், மேட்ச் என்பதற்குத் தன்மீதான விருப்பம் என்று பொருள் இல்லை எனக் கண்டுகொண்டு லைக்கை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். அவள் இறுக்க, அவன் தளர்த்துகிறான். அவன் தளர்த்த, அவள் இறுக்குகிறாள். இருவருமே தத்தம் நிலையிலிருந்து பார்த்தால் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறார்கள், ஆனால் லைக் என்ற குறிக்கு இருந்த அர்த்தம் இதில் கரைந்துவிடுகிறது. பியூ கணக்கெடுப்பில் இதன் உணர்ச்சி வடிவம் தெரிகிறது: அண்மையில் இணையத்தில் துணை தேடிய பெண்களில் 54 விழுக்காட்டினர் வந்து குவியும் செய்திகளால் திணறியதாகச் சொன்னார்கள்; ஆண்களில் 64 விழுக்காட்டினர் செய்தி வராததால் தன்னம்பிக்கை குலைந்ததாகச் சொன்னார்கள். தேர்வு மிகுதி என்று ஒரே சொல்லால் அழைக்கப்படுவது ஒரு பக்கம் வடிகட்டும் வேலையின் மிகுதி, மறுபக்கம் பதில் இல்லாமையின் மிகுதி. இரண்டிலும் மிகுந்திருப்பது மறுப்புதான்.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓகேக்யூபிட் நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஒரு பதிவின்படி, அங்கிருந்த பெண்கள் ஆண்களில் 80 விழுக்காட்டினரைச் சராசரிக்குக் கீழே மதிப்பிட்டார்கள். பெண்களின் எதிர்பார்ப்பு வானத்தில் நிற்கிறது என்று காட்ட இணையச் சண்டைகளில் இதை இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதே பதிவின் மறுபாதியை யாரும் எடுத்து வருவதில்லை. அப்படிக் குறைவாக மதிப்பிட்ட ஆண்களுக்குத்தான் அந்தப் பெண்கள் நிறையச் செய்திகளும் அனுப்பினார்கள். ஆண்கள், பெண்களுக்கு மதிப்பெண் போடும்போது தாராளமாக, சமச்சீராகப் போட்டுவிட்டு, செய்திகளை மட்டும் உச்சியில் இருந்த சிலருக்கே குவித்தார்கள். எதிர்பார்ப்பை மதிப்பெண்ணில் பார்ப்பதா நடத்தையில் பார்ப்பதா என்பதைப் பொறுத்து குற்றவாளி மாறுகிறார். எலிசபெத் புரூக்கும் மார்க் நியூமனும் நான்கு அமெரிக்க நகரங்களின் செய்திப் போக்குவரத்தை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட கட்டுரை இதை இன்னும் தெளிவாக்குகிறது: ஆண், பெண் இருபாலருமே தங்களைவிடச் சுமார் 25 விழுக்காடு அதிகம் விரும்பப்படும் ஆட்களையே சராசரியாக நாடுகிறார்கள். அவர்கள் பார்த்ததிலேயே அதிகம் நாடப்பட்டவர் நியூயார்க்கின் முப்பது வயதுப் பெண் ஒருவர். ஒரே மாதத்தில் அவருக்கு 1,504 பேரிடமிருந்து செய்தி வந்தது, அதாவது ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று. சற்று மேலே கைநீட்டுவது மனித இயல்பு. ஊரிலோ அலுவலகத்திலோ அதற்கு ஒரு கூச்சம் தடையாக இருந்தது. தெரிந்தவர்கள் முன் மறுக்கப்படும் அவமானம் கையைக் கொஞ்சம் கீழிறக்கியது. திரையில் அந்தக் கூச்சம் இல்லை.

ஒரு நொடியில் கழிக்கப்படுவோம் என்று தெரிந்தவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்வார்? பொய் சொல்வார் என்பது எளிதில் வரும் பதில். கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எலிசன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே பார்த்தது. நியூயார்க்கில் இணையம் வழி துணை தேடிய எண்பது பேரை ஆய்வகத்துக்கு அழைத்து, உயரத்தை நாடாவால் அளந்தார்கள், எடை பார்த்தார்கள், வயதை அடையாள அட்டையில் சரிபார்த்தார்கள். பிறகு புரொஃபைலோடு ஒப்பிட்டார்கள். 81 விழுக்காட்டினர் மூன்றில் ஒன்றையாவது மாற்றிச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாற்றத்தின் அளவு பெரும்பாலும் சிறியது: நேரில் சந்திப்பவர் கண்டுபிடிக்க முடியாத அளவு. ஆண்கள் உயரத்தில் கொஞ்சம் கூட்டினார்கள், பெண்கள் எடையில் கொஞ்சம் குறைத்தார்கள். இவர்களுக்கு எதிரெதிரான இரண்டு கட்டாயங்கள் இருக்கின்றன. மறுப்பிலிருந்து தப்ப வேண்டுமானால் மேம்படுத்திச் சொல்ல வேண்டும். என்றாவது நேரில் சந்திக்கப் போவதால் பிடிபடாமலும் இருக்க வேண்டும். சின்னச் சின்னப் பொய் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சமரசம்.

அந்தச் சமரசம் எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதைப் பார்த்தால் செயலியின் கை தெரியும். ஐந்தடி பதினோரு அங்குலம் உள்ள ஒருவனை எடுத்துக்கொள்வோம். நேரில் யாரும் அவனை உயரம் போதாதவன் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் தேடும் இடத்தில் ‘ஆறடியும் அதற்கு மேலும்’ என்று ஃபில்டர் வைத்த ஒருவரின் திரையில் அவன் தோன்றவே மாட்டான். அங்கே அவன் இழப்பது ஓர் அங்குலத்தின் மதிப்பை அல்ல, முழு ஆளையே. ஆறடி என்று எழுதினால் கிடைப்பதோ பார்க்கப்படும் வாய்ப்பு முழுவதும். ஒரே அங்குலத்துக்கு இவ்வளவு பெரிய பரிசும் தண்டனையும் வைத்துவிட்டால் நேர்மையான ஆட்களும் அந்த அங்குலத்தைக் கடன் வாங்குவார்கள். வயதிலும் இதே கதை, முப்பதையோ நாற்பதையோ தாண்டியவர்களுக்கு அந்த ஒரு வயதே சுவராகிறது. எலிசன் குழுவினர் முன்பே செய்த நேர்காணல்களில், வயதைக் குறைத்து எழுதியவர்கள் அதைப் பொய்யாகவே கருதவில்லை. ஃபில்டரில் சிக்காமல் பார்வைக்கு வருவதற்கான வழி என்றார்கள், சிலர் பேசத் தொடங்கியதும் உண்மை வயதைத் தாங்களே சொல்லிவிட்டார்கள். புரொஃபைல் என்பது தான் யார் என்ற அறிக்கையாக இல்லாமல், கூடிய விரைவில் யாராக ஆக முடியும் என்ற வாக்குறுதியாக எழுதப்படுகிறது என்பது எலிசன் குழுவினர் பின்னால் வந்தடைந்த விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஜிம்முக்குப் போகத் தொடங்கிய மாதத்தில் எழுதிய எடையும், ‘பயணம் மிகவும் பிடிக்கும்’ என்ற வரியும் அந்த வகை.

புகைப்படத்தில் இதற்கு நேர்மாறான ஒரு சிக்கல் இருக்கிறது. தன் முகத்துக்கு எது பொருந்தும் என்று தனக்கே தெரியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஒயிட் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் படங்களிலிருந்து டேட்டிங் உள்ளிட்ட தேவைகளுக்குப் பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களை அறியாத அந்நியர்களும் அதே படங்களிலிருந்து தேர்ந்தெடுத்தார்கள். பிறகு மூன்றாவதாக ஒரு கூட்டத்திடம் காட்டியபோது, அந்நியர்கள் பொறுக்கிய படங்களே நல்ல அபிப்பிராயத்தை உண்டாக்கின. ஆக, திரையில் நாம் பார்க்கும் ஆள் சில விதங்களில் உண்மையைவிட மேம்பட்டவர், சில விதங்களில் உண்மையைவிட மங்கியவர். எது எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரிய வழியில்லை.

இப்படி வடிகட்டவும் வடிகட்டலைத் தாண்டவும் செலவழிக்கும் நேரம், கடைசியில் பொருத்தமான ஆளைக் கண்டுபிடித்துத் தந்தால் குறை சொல்ல ஏதுமில்லை. எதிர்பார்ப்பின் பிரச்சினை இங்கேதான் எழுகிறது. புரொஃபைலைப் பார்த்து இவர் எனக்கு ஒத்துவருவார் என்று கணிக்கும் திறன் மனிதர்களுக்கு வியக்கத்தக்க அளவு குறைவு. பால் ஈஸ்ட்விக்கும் ஈலை ஃபிங்கெலும் 2008இல் காட்டியபடி, தனக்குத் துணையிடம் என்னென்ன வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டிச் சொல்லும் பட்டியல், நேரில் சந்தித்தபின் யாரை அவருக்குப் பிடித்தது என்பதோடு ஒட்டவே இல்லை. சமந்தா ஜோயலோடு சேர்ந்து அவர்களே 2017இல், நூற்றுக்கு மேற்பட்ட பண்புகளையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கி இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் பொதுவாக எவ்வளவு விரும்பப்படுவார் என்பதை ஓரளவு கணிக்க முடிந்தது. குறிப்பிட்ட இந்த இருவருக்குள் தனிப்பட்ட ஈர்ப்பு எழுமா என்பதைக் கணிக்கவே முடியவில்லை. உயரம், வருமானம், படிப்பு என்று தேடிக் கண்டுபிடிக்கும் பண்புகளாக மனிதரைப் பிரித்து வைக்கும்போது, சேர்ந்து இருந்து பார்த்தால்தான் தெரியும் பண்புகள் வெளியே விழுந்துவிடுகின்றன: சிரிக்க வைப்பது, கேட்டுக்கொள்வது, அமைதியில் சங்கடப்படாமல் இருப்பது. ஜீனா ஃபிராஸ்ட் குழுவினர் 2008இல் வெளியிட்ட கட்டுரையில், இணையத்தில் துணை தேடியவர்கள் வாரத்துக்கு 5.2 மணி நேரம் புரொஃபைல்களைத் தேடுவதிலும் 6.7 மணி நேரம் கடிதப் போக்குவரத்திலும் செலவிட்டார்கள். நேரில் சந்தித்தது 1.8 மணி நேரம். அது செயலிகளுக்கு முந்தைய கணக்கு என்றாலும், எது தெரிந்துகொள்ள உதவுமோ அதற்கே குறைந்த நேரம் என்ற அமைப்பு அப்போதே உருவாகிவிட்டது.

எதிர்பார்ப்பை நிறுவனமே ஊதிப் பெருக்க முடியும் என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஓகேக்யூபிட் 2014இல் தானே ஒப்புக்கொண்டபடி, தன் கணக்கில் 30 விழுக்காடு மட்டுமே பொருத்தம் உள்ள இணைகளிடம் 90 விழுக்காடு பொருத்தம் என்று காட்டியது. உண்மையான எண்ணைக் காட்டியபோது, அனுப்பிய முதல் செய்தி ஓர் உரையாடலாக வளர்ந்தது நூற்றில் பத்துத் தடவை; பொய்யான 90ஐக் காட்டியபோது நூற்றில் பதினேழு தடவை. உண்மையாகவே 90 இருந்து 90 என்றே காட்டப்பட்டபோது இருபது. பயனர்களிடம் சொல்லாமல் செய்த இந்தச் சோதனைக்காக நிறுவனம் வாங்கிக் கட்டிக்கொண்டது, அது நியாயமும்கூட. ஆனால் அந்த எண்களைக் கவனியுங்கள். உண்மையான பொருத்தம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை, பொருத்தம் உண்டு என்ற நம்பிக்கை மட்டுமே செய்துவிடுகிறது. எதிராளிக்கு முதலில் கொஞ்சம் பொறுமை காட்டினால் பேச்சு வளர்கிறது. மலிவான மறுப்பு தின்றுவிடுவது சரியாக அந்தப் பொறுமையைத்தான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செயலிகள் இவ்வளவு கெடுக்கின்றன என்றால், அவற்றின் மூலம் சேர்ந்த இணைகள் சீக்கிரம் பிரிய வேண்டுமே? அமெரிக்கத் தரவுகள் அப்படிப் பெரிதாக எதையும் காட்டவில்லை. ஜான் கசியோப்போ முதலியோர் 2013இல் பத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் கேட்டு எழுதிய கட்டுரையில், இணையத்தில் சந்தித்து மணந்தவர்களின் பிரிவு விகிதம் சற்றுக் குறைவாகவே இருந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இஹார்மனி என்ற துணை தேடும் நிறுவனம் என்பதால் அதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடே ஏற்க வேண்டும். ஆயினும் நிறுவனத் தொடர்பு இல்லாத ரோசன்ஃபெல்டின் ஆய்விலும் எங்கே சந்தித்தார்கள் என்பதால் பிரிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் வருபவர்கள் வடிகட்டலைக் கடந்து, சந்தித்து, நிலைத்தவர்கள். சேர்ந்தபின் அவர்களை நடத்துவது செயலி அல்ல. மறுப்பு மனநிலை சேதம் செய்வது அதற்கு முன்பு, சேர்ந்திருக்கக் கூடிய, ஆனால் நாற்பதாவது இடத்தில் வந்த இணைகளில். நடக்காமல் போன சந்திப்பு எந்த விவாகரத்துக் கணக்கிலும் ஏறாது. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சுற்றியிருக்கும் வட்டம் சிறியதாக உள்ளவர்களுக்கு எண்ணிக்கை வரமே. தன்பாலின இணைகளில் 2017இல் அறிமுகமானவர்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் இணையத்தில் சந்தித்தவர்கள் என்கிறது ரோசன்ஃபெல்டின் தரவு. அவர்களிடம் போய்த் தேர்வு மிகுதியைப் பற்றிப் பேசுவதற்கு முன், தேர்வே இல்லாமல் இருந்த காலத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் பக்கத்திலிருந்து வேறொரு மறுப்பு வரும். பட்டியல் போட்டு ஆளைக் கழிப்பது என்ன புதிதா, மணமக்கள் விளம்பரத்தில் சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், நிறம், சம்பளம் என்று நாம் ஃபில்டர் வைக்காத காலம் உண்டா என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. சென்னையிலிருந்து இயங்கும் பாரத் மேட்ரிமோனி போன்ற தளங்கள் அந்தப் பட்டியலை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் கொல்கத்தாவின் ஒரு வங்க நாளிதழில் வந்த மண விளம்பரங்களை ஆராய்ந்து, தன் சாதிக்குள்ளேயே என்ற விருப்பம் கல்வித் தகுதியைக்கூடப் பெருமளவு விட்டுக்கொடுக்க வைக்கும் அளவுக்கு வலுவானது என்று காட்டினார்கள். ஆகவே பழைய முறை மனிதத்தன்மை மிக்கது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் மறுப்புகள் செயலியின் மறுப்புகளைவிடக் கொடியவை. ஆனால் அதன் இயக்கம் வேறு. தரகர் ஒரு தடவைக்கு நாலைந்து ஜாதகம்தான் கொண்டுவருவார். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். தெரிந்தவர் வழியாக வந்த வரன் என்றால் அந்தக் காரணத்தை மென்மையாகவும் சொல்ல வேண்டும். பட்டியலைத் தாண்டி வந்தபின் பெண் பார்க்கும் கட்டம் வந்துவிடும், அங்கே இன்னும் நூறு பேர் வரிசையில் இருக்கிறார்கள் என்ற நினைப்பு குறைவு. நுழைவாயில் மிகக் குறுகியது, உள்ளே வந்துவிட்டால் ஏற்கும் மனநிலை. செயலியிலோ நுழைவாயில் விரியத் திறந்திருக்கிறது, உள்ளே மறுக்கும் மனநிலை. சாதியைத் தாண்டிய சந்திப்புக்கு முன்னது இடமே தராது, பின்னது தரும். அந்த வேறுபாட்டை எடைபோடாமல் இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்பவர்கள் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள்.

மறுப்பின் விலைதான் காரணம் என்றால், விலையை மாற்றினால் விளைவும் மாற வேண்டும். ஜொனாதன் டி’ஆஞ்சலோவும் டோமாவும் 2017இல் வெளியிட்ட சோதனை இதற்கு மிக அருகில் வருகிறது. மாணவர்களில் சிலருக்கு 24 புரொஃபைல்களும் சிலருக்கு 6 புரொஃபைல்களும் கொடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு முடிவைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் உரிமை தந்தார்கள், பாதிப் பேருக்குத் தரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, 24இலிருந்து தேர்ந்தெடுத்து, மாற்றிக்கொள்ளும் உரிமையும் வைத்திருந்தவர்களே தாங்கள் தேர்ந்தெடுத்த ஆளிடம் எல்லோரையும்விடக் குறைந்த திருப்தி கொண்டிருந்தார்கள். கதவு திறந்தே இருக்கும்போது, தேர்ந்தெடுத்த ஆளின் நல்ல பக்கங்களைத் தேடிப் பார்க்கும் வேலையை மனம் தொடங்குவதே இல்லை.

நிறுவனங்கள் இதை அறியாதவை அல்ல. டிண்டர் 2015இல் இலவசப் பயனர்களின் லைக்குகளுக்கு வரம்பு வைத்தது, ஆனால் அதே நேரத்தில் வரம்பற்ற லைக்கைக் கட்டணத்துக்கு விற்கவும் தொடங்கியது. ஆக விலை வைக்கப்பட்டது மறுப்புக்கு அல்ல, ஏற்புக்கு. இடப்பக்கம் தள்ளுவது அன்றும் இன்றும் இலவசம். 2012இல் தொடங்கிய காஃபி மீட்ஸ் பேகல் என்ற செயலி நாளொன்றுக்கு மிகச் சிலரையே காட்டும் முறையைக் கொண்டு வந்தது. ஹிஞ்ச் 2016இல் ஸ்வைப்பையே எடுத்துவிட்டு, ஒரு படத்தையோ பதிலையோ குறிப்பிட்டு லைக் போடும் முறைக்கு மாறியது. 2024இல், பதில் சொல்லாமல் வைத்திருக்கும் உரையாடல்கள் எட்டு சேர்ந்துவிட்டால் அவற்றுக்குப் பதில் எழுதும் வரை அல்லது முடித்துக்கொள்ளும் வரை புதிய மேட்ச் கிடையாது என்ற விதியைச் சேர்த்தது. நான் பார்த்தவரை மறுப்பின் மீது நேராகக் கைவைத்த விதி இது ஒன்றுதான்: வேண்டாம் என்றால் அதை முடித்துவைக்கும் வேலையை ஆளே செய்ய வேண்டும். 2018இல் அதே செயலி, சந்திப்பு நடந்ததா, அதே ஆளை மீண்டும் பார்க்க விருப்பமா என்று பயனர்களிடம் கேட்கத் தொடங்கியது. ஃபில்டரில் விழுந்த ஓர் அங்குலம், நாற்பதாவது முகம், திரையில் காட்டப்பட்ட பொருத்த எண் ஆகியவற்றில் எது நேர்ச்சந்திப்பு வரை தாக்குப்பிடிக்கிறது என்பதற்கான பதில் அந்த இரண்டு கேள்விகளின் விடைகளில் குவிந்து கிடக்கிறது. அவை நிறுவனத்தின் கணினிகளில் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களோ இன்னும் பெரும்பாலும் மாணவர்களுக்குப் புகைப்படம் காட்டித்தான் ஆய்வு செய்கின்றன.